மேல் மேட் வீண் செலவா? ஒரு சின்ன வீட்டு ராஃப்ட்டின் கணக்கு

"8 மீட்டருக்கு 9 மீட்டர் அளவில் கீழ்த்தளமும் ஒரு மாடியும் கட்டப் போகிறோம். மொத்தம் 12 தூண். மண் மென்மையான களிமண், சதுர மீட்டருக்கு 5 டன்தான் தாங்கும் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இன்ஜினியர் வீடு முழுவதுக்கும் அடியில் ஒரே காங்கிரீட் பலகையாக 300 மிமீ கனத்தில் ராஃப்ட், கீழேயும் மேலேயும் 12 மிமீ கம்பி, இரண்டு திசையிலும் 150 மிமீ இடைவெளி என்று படம் கொடுத்திருக்கிறார். மேஸ்திரியோ, 'சின்ன வீட்டுக்கு எதுக்கு ரெண்டு மேட்? கீழ ஒண்ணு போதும், கனத்தையும் 200 ஆக்கிடலாம்' என்கிறார். யார் சொல்வது சரி? கம்பியும் காங்கிரீட்டும் எவ்வளவு ஆகும்? ஊற்றும்போது எதைப் பார்க்க வேண்டும்?"

இன்ஜினியர் சொல்வதுதான் சரி. மேல் மேட்டை, அதாவது மேல் கம்பி வலையை, எடுக்கவும் முடியாது, கனத்தை 200 ஆக்கவும் முடியாது. ஆனால் மேஸ்திரிக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்பது எனக்குப் புரிகிறது. அவர் வாழ்நாள் முழுக்க மேல் தளம் போட்டவர். தளத்தில் பாரம் மேலிருந்து கீழே அழுத்துகிறது, நடுவில் அது தொய்யப் பார்க்கிறது, அதனால் நடுவில் அடிப்பக்கம் இழுபடுகிறது, கம்பி அடியில் போகிறது. ராஃப்ட் என்பது அதே தளத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்ட மாதிரி. இங்கே தூண்கள் கீழே அமுக்க, மண் மொத்தப் பரப்பிலும் மேல் நோக்கித் தள்ளுகிறது. இரண்டு தூண்களுக்கு நடுவில் ராஃப்ட் மேல்புறமாகப் புடைக்கப் பார்க்கும், அங்கே இழுபடுவது மேல் முகம். தூணுக்கு நேர் அடியில் இழுபடுவது கீழ் முகம். ஆக, தூணடியில் கீழ் மேட்டும் நடுவில் மேல் மேட்டும் வேலை செய்கின்றன. கீழே மட்டும் ஒரு மேட் போட்டால் பாதிக் காரியத்துக்குத்தான் கம்பி இருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் ராஃப்ட் தேவைதானா என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் அந்தக் கணக்கிலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது. சுவர், தளம், பூச்சு, மனிதர், சாமான் எல்லாம் சேர்த்து ஒரு மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 1.3 டன் என்று வைத்துக்கொள்ளலாம். இது தோராயம்தான், ஆனால் செங்கல் சுவர் வைத்த சாதாரண வீட்டுக்கு ஓரளவு பொருந்தும். உங்கள் பரப்பு 72 சதுர மீட்டர், இரண்டு நிலை. 72 × 1.3 × 2 என்றால் ஏறக்குறைய 187 டன். இதைத் தனித்தனி ஃபுட்டிங்கில் இறக்கினால், அவற்றின் சொந்த எடையையும் சேர்த்து, 5 டன் மண்ணில் 40 சதுர மீட்டருக்கு மேல் ஃபுட்டிங் வேண்டும். வீட்டுப் பரப்பில் பாதிக்கு மேல் ஃபுட்டிங்கே நிரம்பிவிடும். ஃபுட்டிங்குகளின் பரப்பு பாதியைத் தாண்டினால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பலகையாகப் போட்டுவிடலாம் என்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். பள்ளமும் சென்ட்ரிங்கும் எளிதாகும் என்பதற்காக மட்டும் இல்லை. மென்மையான மண்ணில் ஒரு தூண் மட்டும் கூடுதலாக இறங்குவதை ராஃப்ட் தடுக்கும், பக்கத்துத் தூண்களையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும்.

உங்கள் படத்தில் ராஃப்ட் சுற்றிலும் அரை மீட்டர் நீட்டியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன், அதாவது 9 மீட்டருக்கு 10 மீட்டர், 90 சதுர மீட்டர். ராஃப்ட்டின் சொந்த எடை கிட்டத்தட்ட 68 டன். அதன் மேல் வீட்டுக்குள், 72 சதுர மீட்டரில், தரைமட்டம் வரை 450 மிமீ மண் நிரப்பினால் இன்னொரு 58 டன். மேலே சொன்ன 187-ஐயும் கூட்டினால் 313 டன், 90-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 3.5 டன். 5-க்குள் வசதியாக அடங்குகிறது. பள்ளம் தோண்டி வெளியே எடுக்கும் மண்ணின் எடையும் கொஞ்சம் கணக்கில் கழியும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ராஃப்ட்டின் சொந்த எடையும் அதன் மேல் பரவலாகக் கிடக்கும் மண்ணும் நேராகக் கீழே மண்ணில் போய்விடும், ராஃப்ட்டைப் பெரிதாக வளைக்காது. வளைப்பது தூண் வழியாகப் புள்ளி புள்ளியாக இறங்கும் 187 டன்தான். அதை 90-ஆல் வகுத்தால் 2.1 டன். இந்த அழுத்தத்துக்குத்தான் கம்பி கணக்கிடப்படுகிறது.

சரி, 200 மிமீ ஏன் கூடாது? வளைவைவிட முக்கியமான காரணம், தூண் ராஃப்ட்டைக் குத்திக்கொண்டு இறங்கிவிடக் கூடாது என்பது. பஞ்சிங் என்பார்கள். உங்கள் தூண் கட்டம் 4 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால், உள்ளே இருக்கும் ஒரு தூண் 12 சதுர மீட்டரைச் சுமக்கிறது. இரண்டு நிலைக்கும் சேர்த்து 31 டன், பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு எடுத்தால் 47 டன். 230 × 300 அளவுள்ள தூணைச் சுற்றி, கம்பியின் ஆழத்தில், அதாவது ராஃப்ட்டின் மேல் முகத்திலிருந்து கீழ்க் கம்பி வரையுள்ள தூரத்தில், பாதி தள்ளி ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் நீளத்தைக் கம்பியின் ஆழத்தால் பெருக்கினால் வரும் பரப்புதான் இந்த 47 டன்னைத் தாங்க வேண்டும். 300 மிமீ கனத்தில் கம்பியின் ஆழம் 235 மிமீ அளவுக்குக் கிடைக்கிறது. அழுத்தம் சதுர மிமீட்டருக்கு 1 நியூட்டன் பக்கம் வரும். எம் 25 காங்கிரீட்டுக்கு அனுமதி 1.25. தூணுக்குத் தூண் இடைவெளி இரண்டே உள்ள திசையில் நடுத்தூணுக்குப் பங்கு சற்றுக் கூடும், அதையும் சேர்த்தால் 300 மிமீ சரியாக இருக்கிறது, உபரி எதுவும் இல்லை. கனத்தை 250 ஆக்கினால் அழுத்தம் 1.4-க்கு ஏறிவிடும். 200-இல் 2-ஐத் தாண்டும். கனம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் அழுத்தம் இரட்டிப்பாகிறது, ஏனென்றால் ஆழமும் குறைகிறது, சுற்றுக்கோடும் சுருங்குகிறது. இந்த உடைப்பு முன்கூட்டி விரிசல் காட்டி எச்சரிக்கும் வகையும் அல்ல. அதனால் கனத்தைப் பற்றி மேஸ்திரியிடம் பேரம் பேச இடமே இல்லை.

இனி மேல் மேட். நேர்மையாகச் சொன்னால், மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தள்ளிக்கொண்டே இருந்தால், தூண்களுக்கு நடுவில் வரும் வளைவு இந்த அளவு வீட்டில் ரொம்பப் பெரிதல்ல. 300 மிமீ வெறும் காங்கிரீட்டே சில காலம் விரியாமல் நிற்கலாம். மேஸ்திரி முன்பு மேல் மேட் இல்லாமல் போட்ட வீடுகள் இன்னும் நிற்பதற்கு அதுதான் காரணம். ஆனால் மென்மையான களிமண் ஒரே மாதிரி இருக்காது என்பதால்தான் நீங்கள் ராஃப்ட் போடுகிறீர்கள். ஒரு பக்கம் மழைநீர் தேங்கி மண் கரைகிறது என்று வையுங்கள். அல்லது கோடையில் களிமண் ஓரத்திலிருந்து காய்ந்து சுருங்குகிறது. அல்லது யாரோ சுவரை ஒட்டி செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டுகிறார்கள். ராஃப்ட்டின் ஓரத்தில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் கீழே தாங்கல் போய்விட்டால், அந்த ஓரம் பால்கனி மாதிரி அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் வெளிச்சுவர் வழியாக ஒரு மீட்டர் நீளத்துக்கு 4 டன் உட்கார்ந்திருக்கிறது. ராஃப்ட் எடையையும் உள்மண்ணையும் சேர்த்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 5 டன்-மீட்டர் வளைவு வரும். பால்கனியில் இழுபடுவது மேல் முகம் என்பது மேஸ்திரிக்கும் தெரியும். 300 மிமீ எம் 25 காங்கிரீட் கம்பியில்லாமல் விரிய ஆரம்பிக்கும் அளவும் கிட்டத்தட்ட இந்த 5-தான். மேல் முகத்தில் 12 மிமீ கம்பி 150-க்கு ஒன்று இருந்தால் 7.5 டன்-மீட்டர் வரை பிடிக்கும். மேல் மேட் இல்லையென்றால், விரிந்த மறுநிமிடம் பிடிக்க ஒன்றுமே இல்லை.

அதே களிமண் வீட்டின் நடுவில் ஈரம் சேர்ந்து உப்பினாலும் மேல் முகம்தான் இழுபடும். நடுப்பகுதி அதிகமாக இறங்கினால் கீழ் முகம் இழுபடும். எது முதலில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு மேட் கேட்பது அதனால்தான்.

இரண்டு திசையிலும் ஒரே அளவு கம்பி ஏன் என்றும் பலர் கேட்பார்கள். சுவரோ பீமோ நாலாபுறமும் தாங்கும் தளத்தில் குட்டைத் திசைக் கம்பிதான் முக்கியம், நீளத் திசை துணைக்கு. பீம் இல்லாமல் தூண் மட்டும் தாங்கும் பலகையில் அப்படியில்லை, இரண்டு திசையும் தனித்தனியாக முழுப் பாரத்தையும் கடத்த வேண்டும். இதில் தூணுக்குத் தூண் இடைவெளி நீளமாக உள்ள திசையில்தான் வளைவு அதிகம். உங்கள் வீட்டில் அது 4 மீட்டர் திசை. எனவே அந்தத் திசைக் கம்பி வெளி அடுக்கில் வர வேண்டும். கீழ் மேட்டில் அது எல்லாவற்றுக்கும் அடியில், மேல் மேட்டில் எல்லாவற்றுக்கும் மேலே. கம்பி கட்டுபவர் பழக்கத்தில் மாற்றிக் கட்டிவிடுவார், ஏனென்றால் மேல் தளத்தில் குட்டைக் கம்பி அடியில் போவதுதான் அவருக்குக் கைப்பழக்கம். உங்கள் இன்ஜினியர் படத்தில் அடுக்கு வரிசை எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்பிக் கணக்குக்கு வருவோம். எல்லா ஓரத்திலும் கம்பியை மூடும் காங்கிரீட்டாக 50 மிமீ கவர் விட்டால், 10 மீட்டர் நீளத்தில் ஓடும் கம்பி 9.9 மீட்டர், இரண்டு முனையிலும் 200 மிமீ மடக்கினால் 10.3 மீட்டர். இப்படி 61 கம்பி. குறுக்கே ஓடுவது மடக்கோடு 9.3 மீட்டர், 67 கம்பி. ஒரு மேட்டுக்கு மொத்தம் 1,251 மீட்டர் வருகிறது. 12 மிமீ கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, ஆக ஒரு மேட் 1,110 கிலோ. இரண்டு மேட்டுக்கு 2,220 கிலோ.

ஆனால் வாங்க வேண்டியது அதைவிட அதிகம். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. 12-இல் 10.3 வெட்டினால் 1.7 மீட்டர் மிச்சம், 9.3 வெட்டினால் 2.7 மீட்டர் மிச்சம். இந்த அளவில் ஒட்டுப் போடவே வேண்டியதில்லை என்பது நல்ல விஷயம். 256 கம்பி வாங்கினால் 2,730 கிலோ ஆகிறது, அதில் 500 கிலோ துண்டாக விழுகிறது. அது வீண் இல்லை. 2.7 மீட்டர் துண்டில் மேல் மேட்டைத் தாங்கும் சேர் இரண்டு மடக்கலாம். 1.7 மீட்டர் துண்டு மொத்தம் 122 விழும். தூணடியில் கூடுதல் கம்பி போடச் சொல்லி, நீளமும் அந்தளவே போதும் என்று படத்தில் இருந்தால், 12 தூணுக்கும் திசைக்கு ஐந்தாக 120 கச்சிதமாக அடங்கிவிடும். முன்கூட்டியே கணக்குப் போட்டு வெட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் துண்டெல்லாம் மூலையில் குவிந்து கிடக்கும், சேருக்குப் புதுக் கம்பியை வெட்டுவார்கள்.

காங்கிரீட் 9 × 10 × 0.3, அதாவது 27 கன மீட்டர். பள்ளத்தின் மேடு பள்ளத்துக்கும் சிந்தலுக்கும் சேர்த்து 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் போடும் 100 மிமீ பிசிசி, அதாவது கம்பியில்லாத காங்கிரீட் படுகை, தனி, அது 9 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பிசிசியைத் தவிர்க்காதீர்கள். மென்மையான களிமண்ணில் நேராகக் கவர் பிளாக் வைத்தால் ஆள் ஏறியதும் அது சேற்றில் புதைந்து, கீழ் மேட் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இப்போது இந்தப் பதிலில் முக்கியமானதாக நான் நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். மேல் மேட்டுக்குப் பணம் கொடுத்து வாங்குவது எளிது. காங்கிரீட் இறுகும்வரை அதை மேலேயே நிற்க வைப்பதுதான் கஷ்டம்.

அந்த உயரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடியில் கவர் 50 மிமீ. அதன் மேல் இரண்டு அடுக்கு 12 மிமீ, மொத்தம் 24. ஆகக் கீழ் மேட்டின் தலை 74-இல் இருக்கிறது. மேலே கவர் 50 விட்டால் மேல் மேட்டின் தலை 250-இல் நிற்க வேண்டும், அதன் அடி 226-இல். இரண்டுக்கும் நடுவில் 152 மிமீ. சேரின் வெளி உயரம் இதுதான். முறுக்குக் கம்பியில் வரிகள் புடைத்திருப்பதால் உண்மையான தடிமன் 12-க்கு மேலே போகும், அதனால் 145 முதல் 150-க்கு மடக்கச் சொன்னால் சரியாக உட்காரும். கம்பி வளைப்பவரிடம் உயரத்தைச் சொல்லாமல் "சேர் போடுங்க" என்று மட்டும் சொன்னால், கையில் வந்த அளவில், பெரும்பாலும் 100 மிமீக்கு மடக்கிவிடுவார். அப்போதே மேட் 50 மிமீ இறங்கிவிட்டது.

சேர் 12 மிமீ கம்பியிலேயே இருக்கட்டும், 8 மிமீ வேண்டாம். மீட்டருக்கு ஒன்று, இரண்டு திசையிலும். உங்கள் ராஃப்டுக்கு 90 சேர் வரும். ஒவ்வொன்றின் காலும் கீழ் மேட்டில் கட்டப்பட வேண்டும், சும்மா நிற்க வைத்தால் சாய்ந்துவிடும். சேர் நிற்கும் இடத்துக்கு அடியில் ஒரு கவர் பிளாக் இருக்கும்படி பாருங்கள், இல்லையென்றால் மேல் பாரம் கீழ் மேட்டை அமுக்கிவிடும். கவர் பிளாக் காங்கிரீட்டில் செய்ததாக இருக்கட்டும். செங்கல் துண்டும் ஜல்லியும் வைப்பார்கள், செங்கல் தண்ணீரை உறிஞ்சிக் கம்பிவரை கொண்டுபோகும்.

ஒருமுறை வேறொரு வேலையில், காலையில் நான் நூல் கட்டி அளந்தபோது மேல் மேட் மிகச் சரியாக 50 மிமீ கீழே இருந்தது. மத்தியானம் காங்கிரீட் பாதி போனபிறகு, இன்னும் ஊற்றாத பக்கத்தில் மறுபடி அளந்தேன். 90, 110, ஓரிடத்தில் 130. சட்டி தூக்குபவர்கள் பன்னிரண்டு பேர் காலையிலிருந்து அந்தக் கம்பி மேலேயே நடந்துகொண்டிருந்தார்கள், 8 மிமீ சேர்கள் முழங்கால் மடங்கிய மாதிரி மடங்கிக் கிடந்தன. அந்த 80 மிமீ இறக்கம் என்ன செய்யும் என்றால், கம்பியின் ஆழம் 240-இலிருந்து 160-க்கு வருகிறது, தாங்கும் திறனும் அதே விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. வாங்கிய கம்பி முழுக்க உள்ளேதான் இருக்கிறது, பில்லிலும் இருக்கிறது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஊற்றாத பகுதியில் சேர் மாற்றி மேட்டைத் தூக்கிவிட்டோம். ஊற்றிய பகுதியை ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றிலிருந்து பலகை போட்டு நடைபாதை அமைக்காமல் நான் காங்கிரீட் தொடங்க விடுவதில்லை. பலகை மேட்டின் மேல் நேராகக் கிடக்கக் கூடாது, சென்ட்ரிங் ஓரத்திலோ தனிக் கால்களிலோ நிற்க வேண்டும்.

அளப்பது எளிது. சென்ட்ரிங் பலகையின் மேல் விளிம்பு ராஃப்ட்டின் முடிவு மட்டம் என்றால், ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு நூலை விறைப்பாக இழுத்து, நூலிலிருந்து மேல் கம்பியின் தலைவரை டேப் வையுங்கள். 50 வர வேண்டும், 60 வரை விட்டுவிடலாம். 10 மீட்டருக்கு நூல் நடுவில் தொய்யும், அதனால் இடையில் ஒரு தாங்கல் கொடுங்கள். காலையில் ஒருமுறை, அப்புறம் ஒவ்வொரு லாரி இறங்கும்போதும் அடுத்துப் போடப்போகும் பட்டையில் ஒருமுறை.

காங்கிரீட்டை இடத்திலேயே மிக்சரில் கலக்குவதா, லாரியில் வாங்குவதா என்றால் இந்த அளவுக்கு லாரிதான் என் தேர்வு. ஒரு மூட்டை சிமெண்ட் போடும் மிக்சரில் எம் 25-க்கு ஒரு கலவைக்கு 0.14 கன மீட்டர் கிடைக்கும். 28 கன மீட்டருக்கு 200 கலவை. ஒன்றுக்கு மூன்று நாலு நிமிடம் என்றாலும் விடியற்காலையில் ஆரம்பித்து இருட்டிய பிறகுதான் முடியும். சாயங்காலம் எல்லாரும் களைத்துப்போய்த் தண்ணீரைக் கூட்டுவார்கள், கடைசி மூன்றில் ஒரு பங்கு காங்கிரீட் முதல் மூன்றில் ஒரு பங்கு மாதிரி இருக்காது. தண்ணீர் சிமெண்ட் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது.

லாரி என்றால் 6 கன மீட்டராக ஐந்து வரும். இதில் ஒரு வசதி இருக்கிறது. உங்கள் ராஃப்ட்டின் 10 மீட்டர் நீளத்தில் 2 மீட்டர் அகலப் பட்டை ஒன்று சரியாக 6 கன மீட்டர். ஒரு ஓரத்தில் ஆரம்பித்து, லாரிக்கு ஒரு பட்டையாக, முழுக் கனத்துக்கும் நிரப்பிக்கொண்டே எதிர் ஓரத்துக்குப் போங்கள். ஒரு பட்டையின் விளிம்பு இறுகத் தொடங்கும் முன் அடுத்தது அதன் மேல் விழ வேண்டும். வெயில் நாளில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். லாரி தாமதமானால் அந்த விளிம்பைச் சரிவாக விட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். ரொம்ப நேரம் ஆகும் என்று தெரிந்தால், தூணுக்குப் பக்கத்தில் இல்லாமல் இரண்டு தூண் வரிசைக்கு நடுப்பகுதியில் பலகை வைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள்.

வைப்ரேட்டரை அரை மீட்டருக்குள் ஒரு இடமாக நேராக இறக்கி, குமிழி நின்றதும் மெதுவாக எடுக்க வேண்டும். ஊசியால் காங்கிரீட்டை இழுத்துத் தள்ளுவதும், கம்பி மேல் வைத்து அதிர விடுவதும் மேட்டை அசைத்துவிடும். தூணடியில் கம்பி நெருக்கமாக இருக்கும், பஞ்சிங் தாங்க வேண்டியதும் அந்த இடம்தான். அங்கே மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஊற்றி முடித்து இரண்டு மூன்று மணி நேரத்தில் ராஃப்ட்டின் மேல் ஒரு விசித்திரமான காட்சி தென்படலாம். மெல்லிய விரிசல்கள் சதுரம் சதுரமாக, கட்டம் போட்ட நோட்டு மாதிரி, 150 மிமீக்கு ஒன்றாக. இது மண் இறங்கியதால் வந்ததல்ல. காங்கிரீட் அமரும்போது தண்ணீர் மேலே வருகிறது, கல் கீழே இறங்குகிறது, மேல் கம்பி இருக்கும் இடத்தில் மட்டும் இறங்க முடியாமல் கம்பி மேல் தொங்கிப் பிளக்கிறது. கலவை இளகலாக இருந்தாலும் வைப்ரேட்டர் போதவில்லை என்றாலும் இது வரும். இன்னும் இறுகவில்லை என்றால் மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். இறுகிய பிறகு பார்த்தால் விரிசல் கம்பி வரை போயிருக்கும், தண்ணீருக்கு நேர்வழி கிடைத்துவிடும். அதனால் முதல் மூன்று மணி நேரம் கொத்தனார் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். எல்லாரையும் சாப்பிட அனுப்பிவிட்டுப் பூட்டிப் போகாதீர்கள்.

மறுநாள் காலையிலிருந்து ஓரத்தில் சிமெண்ட் கலவையால் சிறு வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் 10 நாளுக்குக் குறையாமல்.

ராஃப்ட்டால் ஆகாத காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். மனையில் பாதி பழைய மண், பாதி சமீபத்தில் நிரப்பியது என்றால் இந்த 300 மிமீ பலகை அதைச் சமாளிக்காது. நிரப்பிய பக்கம் ஒட்டுமொத்தமாக இறங்கும், வீடு உடையாமல் முழுதாகச் சாயும். இன்னொன்று, அகலமான அஸ்திவாரம் மண்ணை ஆழம்வரை அழுத்தும். ஒன்றரை மீட்டர் ஃபுட்டிங்கின் அழுத்தம் மூன்று மீட்டர் ஆழத்தில் கிட்டத்தட்டத் தீர்ந்துபோகும். 9 மீட்டர் ராஃப்ட்டின் அழுத்தம் அந்த ஆழத்தில் இன்னும் கணிசமாக இருக்கும், 9 மீட்டரைத் தாண்டியும் போகும். 5 மீட்டர் ஆழத்தில் சேறு போன்ற அடுக்கு இருந்தால் ஃபுட்டிங் அதைக் கண்டுகொள்ளாது, ராஃப்ட் எழுப்பிவிடும். உங்கள் மண் பரிசோதனை எவ்வளவு ஆழம் துளையிட்டுச் செய்தது என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். மூன்று மீட்டரோடு நிறுத்தியிருந்தால், காங்கிரீட் ஆர்டர் கொடுப்பதற்கு முன் இன்ஜினியரிடம் கேளுங்கள். அந்த 5 டன் என்ற எண் ஃபுட்டிங்குக்குச் சொன்னதா, ராஃப்டுக்குச் சொன்னதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கழிவுநீர்க் குழாய் ராஃப்ட்டைக் கடக்கும் இடத்தில் பெரிய குழாய்த் துண்டு ஒன்றை முன்பே வைத்துவிடுங்கள், அதுவும் தூணிலிருந்து தள்ளி. பிறகு துளைக்க வந்தால் முதலில் அறுபடுவது நீங்கள் சண்டை போட்டு வைத்த மேல் மேட்தான்.

தூண் எழும்பத் தொடங்கியதும் நாலு மூலைத் தூணிலும் ஒரே மட்டத்தில் டியூப் லெவலால் பெயிண்ட் கோடு போட்டு, தேதி எழுதி வையுங்கள். ஒவ்வொரு தளம் போட்ட பிறகும், அதன்பின் ஒரு மழைக்காலம் முடிந்ததும் மறுபடி லெவல் பாருங்கள். நாலும் சேர்ந்து இறங்கினால் இந்தக் கோடுகளுக்குள் வித்தியாசம் தெரியாது, அதில் கவலையும் பெரிதாக இல்லை. ஒரு மூலை மட்டும் மற்றதைவிட 10 மிமீ, 15 மிமீ என்று ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால், அந்த மூலைக்கு வெளியே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் என்ன தோண்டினார்கள் என்று முதலில் போய்ப் பாருங்கள்.